குடுமித் தேங்காயும் குனியாத தலையும்



கொல்கத்தாவின் தென்பகுதியில் டாலிகஞ்ச் என்னும் பேட்டை உள்ளது. வில்லியம் டாலி என்னும் ஆங்கிலேயர் 1775ஆம் ஆண்டில் தொடங்கி, தூர்ந்து கிடந்த ஆதி கங்கையை வெட்டிப் படகு செல்லும் கால்வாயாக்கினார். அவர் பெயரே ஊர்ப் பெயராயிற்று. தமிழ்நாட்டிலிருந்து இப்பகுதிக்கு வந்து குடியேறியவர்களுள் மிகப் பழையவர்கள் யார் என்று தேடினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. 1806ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின்னர், அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் மக்களைக் கும்பினியார் கல்கத்தாவுக்கு அனுப்பி, இந்த டாலிகஞ்சிலேயே குடிவைத்தனர். வேலூரிலிருந்து விருப்பமின்றி வந்தவர்கள் அவர்கள். நாமோ உத்தியோகத்தின் பொருட்டு நம் விருப்பத்தோடு வந்தோம். வரும்போது வெண்கலப் பானையையும் பிள்ளையார் படத்தையும் சில வழக்கங்களையும் உடன் கொண்டு வந்தோம்.

அவ்வழக்கங்களுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விநாயக சதுர்த்தியன்று, எங்கள் குடியிருப்பின் வாயிற்படியில் நான் தேங்காய் உடைத்துக் கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வங்காள மூதாட்டி நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு என்னை அழைத்தார். நான் அவரை மாஸிமா என்று அழைப்பது வழக்கம். "தம்பி, நாங்கள் பூசையில் தேங்காயை உடையாமல் காப்பாற்றி வைக்கிறோம். நீங்கள் சாமி முன்னாலேயே போட்டு உடைக்கிறீர்களே, அது அமங்கலம் இல்லையா?" என்று கேட்டார். "அகங்காரத்தை உடைப்பதாக ஐதிகம், மாஸிமா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். என் விடையில் அவர் நிறைவுற்றதாகத் தெரியவில்லை. சிறு வயதில் கேட்டதை அப்படியே ஒப்பித்தேனேயன்றி, எனக்கும் அதில் நிறைவில்லை. தேங்காய்க்கும் அகங்காரத்திற்கும் என்ன தொடர்பு? வேறு காயை உடைத்தால் ஆகாதா?

மாஸிமாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. வங்காளத்துப் பூசைகளில் நீர் நிறைந்த கடத்தை வைத்து, அதன் வாயில் ஐந்து இலைகள் கொண்ட மாங்கொத்தைச் செருகி, மேலே காம்போடு கூடிய பச்சை இளநீர்க் காயை இருத்துகிறார்கள். சிந்தூரத்தால் அதற்குப் பொட்டும் உருவும் எழுதுகிறார்கள். பூசை முடியும் வரை அக்காய்க்கு ஊறு நேரக் கூடாது. நன்கு முற்றிய தேங்காய்க்கும் அங்கே குறைவில்லை; கோஜாகரி இலட்சுமி பூசையில் தேங்காய் உருண்டை இல்லாத வீடு இராது. ஆனால் அது சமையலறையில் துருவப்படுவது. தெய்வத்தின் முன்னே ஓங்கி அடித்து உடைப்பது அவர்கள் காணாத காட்சி.

அன்று மாலை யோசித்துப் பார்த்தபோது, நம் வழக்கமும் அவர்களுடையதற்கு மாறானதன்று என்பது புலப்பட்டது. நாமும் கும்பம் வைக்கிறோம். குடத்தில் நீர், மாவிலை, மேலே தேங்காய் என்று நம் கும்பமும் அவர்கள் கடமும் உடன்பிறப்புகள். குடமுழுக்கின்போது யாகசாலையில் கும்பங்களைக் கண்டவர்களுக்கு அவற்றின் பொருள் தெரிந்திருக்கும். குடம் தெய்வத்தின் உடல், அதன்மேல் வரிந்து சுற்றிய நூல் நரம்பு, உள்ளே இருக்கும் நீர் குருதி, மாவிலை சடை, மேலே இருக்கும் தேங்காய் தலை. சிவாசாரியார்கள் இவ்வாறே விளக்குவர். தேங்காயைத் தலையாகக் கொள்வது பிற்காலத்தார் மேடையில் சொன்ன உவமையன்று, பூசை முறைக்குள்ளேயே பதிந்து கிடக்கும் எண்ணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியாயின் ஒரே சந்நிதியில் இரண்டு தலைகள் இருக்கின்றன. கும்பத்தின்மேல் உடையாமல் இருப்பது தெய்வத்தின் தலை. கீழே கல்லில் மோதி உடைவது வழிபடுவோனின் தலை. மாஸிமா முன்னதை மட்டும் அறிந்தவர். ஆகவே பின்னது அவருக்கு அதிர்ச்சியாக இருந்தது.

வழிபடுவோன் தன் தலையைக் கொடுப்பதென்பது தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் வெறும் உவமையாக இருக்கவில்லை. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று வழங்கும் சிறு கற்கோயிலுக்குள் சென்றவர்கள் நினைவுகூரலாம். பின்சுவரில் கொற்றவை நிற்கிறாள். அவள் காலடியில் இருபுறமும் அடியார் மண்டியிட்டிருக்க, அவர்களுள் ஒருவன் ஒரு கையால் தன் குடுமியைப் பற்றிக் கொண்டு, மறுகை வாளால் தன் கழுத்தை அரியத் தொடங்குகிறான். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம் அது. நவகண்டம் என்றும் அரிகண்டம் என்றும் இச்செயலுக்குப் பெயர் வழங்கிற்று. இவ்வாறு உயிர் கொடுத்த வீரர்களுக்கு நட்ட கற்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் நிற்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியிலும், காளி கோயிலில் தம் தலையைத் தாமே அரிந்து வைக்கும் வீரர் வருகின்றனர். கவிஞரின் மிகைப்படுத்தலைக் கழித்தாலும், அந்த எண்ணம் கேட்போர்க்குப் புதியதாக இருந்ததில்லை என்பது தெளிவு.

அந்தச் சிற்பத்தில் குடுமியைப் பற்றும் கையைக் கவனியுங்கள். அருச்சனைத் தட்டில் வைக்கும் தேங்காய்க்கும் குடுமி வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம் அல்லவா?

தலைக்கு ஈடாகக் காயைக் கொடுக்கும் மாற்றத்தை வங்காளத்திலும் காணலாம். அங்கே அதற்கு நூலாதாரமும் உண்டு. பலிமுறைகளை விரித்துரைக்கும் காளிகா புராணம், பூசணிக்காயும் கரும்பும் ஆட்டுப்பலிக்கு ஒப்பானவை என்று விதிக்கிறது. டாலிகஞ்சிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள காளிகாட்டில் ஆட்டுப்பலி இன்றும் உண்டு. ஆயினும் துர்க்கா பூசை நடத்தும் பழங்குடும்பங்கள் பலவற்றில் ஆட்டை விடுத்துச் சாம்பல் பூசணியையும் கரும்பையும் பலிவாளால் ஒரே வெட்டில் வெட்டுகிறார்கள். நாமும் ஆயுத பூசையன்று அதே பூசணிக்காயைத் துளைத்து, குங்குமமும் காசும் இட்டு, தெருவில் உடைக்கிறோம். குங்குமம் எதற்காக என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் விடை சிவப்பாக இருக்கும்.

ஆதிசங்கரர் நரபலியை நிறுத்தித் தேங்காயை வைத்தார் என்று நம்மவர் சிலர் உறுதியாகச் சொல்வதுண்டு. அவருடைய நூல்களிலிருந்து அதற்குச் சான்று காட்டியவரை நான் கண்டதில்லை. ஒரு பெரியவர் ஒரு நாளில் ஆணையிட்டு மாற்றியதாகக் கொள்வதைவிட, ஊர்தோறும் தலைமுறை தலைமுறையாக வாள் மெல்லக் கீழிறங்கியதாகக் கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இனித் தேங்காயிடம் வருவோம். அருச்சனைக்குரிய காயை உரிக்கும்போது, மட்டையை முழுவதும் களைந்துவிட்டு, கண்களின் மேல் மட்டும் நாரைக் குடுமியாக நிறுத்துவார்கள். இதற்குச் சடங்கின் காரணம் ஒருபுறம் இருக்க, இயற்கையின் காரணமும் ஒன்றுண்டு. தேங்காயின் மூன்று கண்களுள் இரண்டு கெட்டியாக அடைபட்டவை. மூன்றாவது மெல்லிய தோல் மூடியது. முளை வெளிவருவது அதன் வழியாகவே. குடுமியைப் பிய்த்துவிட்டால் அந்த மென்கண் வெளிப்படும். ஈரமும் பூஞ்சையும் அவ்வழியே புகுந்து பருப்பைக் கெடுக்கும். ஆகவே குடுமி உள்ள காய் நெடுநாள் தாங்கும். லேக் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது நான் குடுமியோடு வேண்டும் என்று கேட்டே வாங்குவேன். காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். நீர் தளும்பும் ஒலி தெளிவாகக் கேட்டால் நல்ல காய். ஒலியே இல்லையென்றால் ஓட்டில் விரிசல் இருந்து நீர் கசிந்திருக்கலாம். குடுமியின் அடி ஈரமாகவோ கறுத்தோ இருந்தால், விலை குறைவென்றாலும் வேண்டாம்.

இவ்வளவு பார்த்தும் சில வேளை காய் அழுகிவிடுகிறது. சந்நிதியில் உடைத்ததும் வீசும் அந்த நாற்றத்தில் குடும்பமே முகம் வாடிப்போவதைக் கண்டிருக்கிறேன். மகளின் திருமணம் பற்றிய கவலையோடு வந்த ஒரு தாய், அழுகிய மூடியைப் பார்த்து அங்கேயே கண்ணீர் விட்டார். குருக்கள் நல்லவர். "மென்கண் வழியே ஈரம் இறங்கியிருக்கிறது, அம்மா. வேறு காய் கொண்டு வாருங்கள்" என்று அமைதியாகச் சொன்னார். அதுவே முறையும்கூட. கெட்ட காயை விலக்கி நல்ல காயைப் படைக்க வேண்டுமேயன்றி, அதைத் தெய்வத்தின் தீர்ப்பாக எடுத்துக் கொள்வதற்கில்லை.

உடைக்கும் முறையிலும் ஒரு நயம் உண்டு. குடுமி ஒரு முனை, அடி மறுமுனை என்று கொண்டால், நடுவயிற்றில்தான் அடி விழ வேண்டும். காயைக் கையில் உருட்டிக் கொண்டே அரிவாளின் பின்புறத்தால் தட்டினால், விரிசல் நடுவில் வளையம்போல் ஓடி, காய் இரண்டு சம மூடிகளாகப் பிளக்கும். நீரை வடித்துவிட்டு, குடுமியைக் களைந்து, வெண்மை மேலே தெரிய இரு மூடிகளையும் சுவாமி முன் வைப்பார்கள். குடுமி நீங்கியதும் மூன்று கண்களும் தெரியும். முக்கண்ணனை நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் நினைக்கிறார்கள்.

இதற்குத்தான் பெரியோர் அகங்காரம் என்னும் பொருளை உரைத்தனர். மட்டையும் நாரும் உலகப் பற்று. கெட்டியான ஓடு ஆணவம். அது உடைந்தால் உள்ளே வெண்மையான உள்ளமும் இனிய நீரும் என்பது நாம் அனைவரும் கேட்ட விளக்கம். இது தவறன்று. ஆனால் சைவ சித்தாந்த நூல்களைப் புரட்டினால், ஆணவத்திற்கு அவை எடுத்தாளும் உவமைகள் வேறாக உள்ளன. செம்பில் களிம்பு என்பர். நெல்லில் உமி என்பர். இவ்விரண்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று. உமியும் பின்னால் வந்து மூடியதன்று. அரிசி என்று தோன்றிற்றோ அன்றே உமியும் உடன் இருந்தது. ஆணவமும் உயிரோடு அநாதியாக உள்ளது. ஆகவே அதற்குச் சகச மலம் என்று பெயர். சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஆணவம் அடியோடு அழிவதில்லை, அருளின் முன் அதன் வலி மட்டுமே அடங்குகிறது என்கிறது. கதிரவன் எழுந்தபின் இருள் ஒடுங்குவதுபோல் என்று வைத்துக் கொள்ளலாம்.

ஆகவே ஒரு தேங்காயை உடைத்தவுடன் ஆணவம் தொலைந்தது என்று சொல்வது நம் சமய நூல்களுக்கே ஒவ்வாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், ஒவ்வொரு சதுர்த்தியும், புதுவீடு புகும்போதும், வண்டி வாங்கும்போதும் மறுபடி மறுபடி நாம் உடைப்பதன் பொருள் இங்கே விளங்குகிறது. சென்ற வாரம் உடைத்தது இந்த வாரம் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது.

மற்ற பழங்களை விடுத்துத் தேங்காயைத் தேர்ந்தது ஏன் என்ற கேள்விக்கும் அந்த மென்கண்ணே விடை சொல்கிறது. மாம்பழத்தைப் படைத்தால் சதையைத் தின்று கொட்டையை எறிகிறோம். கொட்டை மீண்டும் முளைக்கும். தேங்காயிலோ நாம் உண்ணும் பருப்புத்தான் முளைக்கு உணவு, நீரும் அதற்கே, கண்ணுக்கு அடியில், பருப்பினுள் சிறு மொட்டாக உறங்குவதே முளை. காய் முழுமையாக இருந்தால்தான் அது மரமாகும். நடுவில் உடைத்துவிட்டால் அந்தக் காயிலிருந்து இனி ஒரு தென்னை எழாது. படைப்பவன் பழத்தை மட்டும் கொடுத்து வித்தைத் தன்னிடம் வைத்துக் கொள்ள வழியில்லாத ஒரே காணிக்கை இது என்று எனக்குத் தோன்றுகிறது. மாஸிமாவிடம் அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.

ஆயினும் அருச்சனைத் தேங்காயில் ஒரு மூடி நம்மிடமே திரும்பி வருகிறது, மறுநாள் துவையலாகிறது. கொடுத்ததில் பாதியைப் பெற்றுக் கொள்ளும் கொடை அது. சிதறுகாய் அப்படியன்று. பிள்ளையார் கோயில் வாயிலில் ஓங்கி எறிந்தால், பல சில்லுகளாகத் தெறித்து ஓடும் அந்தக் காயில் உடைத்தவனுக்கு ஒரு துண்டும் உரியதன்று. சூறைத்தேங்காய் என்று அதற்கு மறுபெயர். சூறையிடுவோர்க்கே அது சொந்தம். தமிழ்நாட்டுக் கோயில் வாசல்களில் சிறுவர்கள் அதற்காகக் காத்து நிற்பார்கள்; சில்லு காலடியில் விழுமுன் கை நீளும். உடைத்தவர் குனிந்து ஒரு துண்டை எடுத்தால் ஊரார் சிரிப்பார்கள். தன்னை ஒப்புக்கொடுத்தல் என்று சொல்வதற்கு அருச்சனையைவிடச் சிதறுகாயே நெருங்கியது என்பது என் கருத்து.

ஆனால் அங்கேயும் ஆணவம் வேறு வாயிலால் நுழைந்து விடுகிறது. நூற்றெட்டு உடைத்தேன், ஆயிரத்தெட்டு உடைத்தேன் என்று எண்ணிக்கை பேசத் தொடங்குகிறோம். மலேசியாவின் பினாங்கில் தைப்பூசத்திற்கு முந்திய நாள் தேர் வரும் வழியில் காய்களை மலைமலையாகக் குவித்து உடைக்கிறார்கள். தெரு முழுவதும் நீராக ஓடும். அதில் பக்தியும் உண்டு. யாருடைய குவியல் பெரிது என்ற பார்வையும் உண்டு. கரூர் மாவட்டத்து மேட்டு மகாதானபுரத்தில் மகாலட்சுமி கோயிலில் ஆடிப்பெருக்கையொட்டி ஆண்டுதோறும் நடப்பது இதற்கு வேறு வகையானது. அங்கே வேண்டுதல் உள்ளவர்கள் வரிசையாக அமர, பூசாரி அவர்கள் தலைமீதே தேங்காயை உடைத்துக் கொண்டு செல்கிறார். காயமுற்றுக் குருதி ஒழுக எழுவோரும் உண்டு. மருத்துவர்கள் எச்சரித்தும் வழக்கம் நிற்கவில்லை. அவர்களுடைய நம்பிக்கையை நான் எள்ளவில்லை. எனினும் தலைக்கு மாற்றாக வந்த காய், அங்கே மீண்டும் தலையைத் தேடிச் செல்கிறது. மாமல்லபுரத்து அடியானிடமிருந்து நம் முன்னோர் எவ்வளவு தூரம் நடந்து வந்தனரோ, அதில் பாதி தூரம் பின்னோக்கிச் செல்வதாகவே அது எனக்குப் படுகிறது.

டாலிகஞ்சில் சிதறுகாய்க்கு வேறொரு சங்கடம் இருந்தது. நான் முதன்முதலில் நடைபாதையோரம் ஓங்கி எறிந்தபோது, தெருவில் விளையாடிக் கொண்டிருந்த வங்காளச் சிறுவர்கள் திகைத்து நின்றார்கள். ஏதோ கோபத்தில் எறிந்துவிட்டார் என்று எண்ணினார்கள் போலும். ஒருவனும் ஒரு துண்டையும் தொடவில்லை. சில்லுகள் வெயிலில் கிடந்தன. எடுப்பாரின்றிக் கிடக்கும் சிதறுகாயைப் போல் வெறுமையான காட்சி வேறில்லை. ஆனால் நானே பொறுக்குவதும் முறையன்று. என்ன செய்வதென்று அறியாமல் நின்றேன்.

அப்போது மாஸிமா படியிறங்கி வந்தார். முன்பு அமங்கலமா என்று கேட்ட அவரே, முந்தானையை இடுப்பில் செருகிக் கொண்டு குனிந்து, ஒரு பெரிய சில்லை எடுத்து மண்ணைத் துடைத்து, அருகில் நின்ற பையனின் கையில் வைத்தார். "பிரசாதம், சாப்பிடு" என்றார். அவன் கடித்தான். மற்றவர்கள் பாய்ந்தார்கள்.

அடுத்த ஆண்டு சதுர்த்தியன்று நான் கதவைத் திறந்தபோது, நடைபாதையில் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே அமர்ந்திருந்தனர். "தாதா, இன்று எத்தனை காய்?" என்று ஒருவன் கேட்டான். "ஒன்றுதான்" என்றேன். போதாது என்று முகத்தைச் சுளித்துக் கொண்டு, நல்ல இடமாகப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தான்.